நூத்தி முப்பதுக்குக் கீழே

என் வீட்டுக்காரரை லாண்டரியில யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. முள்ளண்ணன்தான். பாய்லர் ரூம்ல பிரஷர் கேஜோட முள்ளைப் பார்த்துக்கிட்டே இருபத்தஞ்சு வருஷத்தை ஓட்டின மனுஷனுக்கு வேற என்ன பேர் வைப்பாங்க? ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்புன்னு மூட்டை மூட்டையா எங்க லாண்டரிக்கு வரும். துவைக்க வெந்நீர், தேய்க்கிற உருளைக்கு ஆவி, எல்லாம் அவரோட பாய்லர்லேருந்துதான் வந்தாகணும். நான் அதே கட்டடத்துல மடிக்கிற பிரிவு. நடுவுல ஒரு சுவர், ஒரு இரும்புக் கதவு, அவ்வளவுதான்.

வேலையில அவரை யாரும் குறை சொல்ல முடியாது. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பார். அவருக்குக் கீழ வேலை பார்த்தவங்க வால்வுல சும்மா கை வெச்சாப் போதும், கத்த ஆரம்பிச்சிடுவார். முள் இருக்க வேண்டிய இடத்துல இருக்கும்போது எதையும் தொடாதே, ஏறினா மட்டும் கை வை. இதுதான் அவர் படிச்ச படிப்பு. இதே படிப்புதான் எங்க வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுச்சு. எப்படின்னு சொல்றேன்.

ஒருநாள் காலையில சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டே என்னமோ சொன்னார். எனக்கு ஒண்ணும் விளங்கல. திரும்பிப் பார்த்தா வாய் ஒரு பக்கம் தொங்குது. வலது கை பட்டனைத் தேடுது, பிடிக்க வரல. ஓடிப்போய் ஆட்டோ பிடிச்சுக்கிட்டு வந்தா, மனுஷன் முழுச் சட்டையும் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறார். வாய் நேராயிடுச்சு, பேச்சும் தெளிவாயிடுச்சு. சரியாப் போச்சே, ஷிஃப்டுக்கு நேரமாகுதுன்னு என்கிட்டயே கடுகடுக்கிறார். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டி, ஆட்டோவுல தள்ளித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

அங்க நரம்பு டாக்டரம்மா ஒருத்தங்க ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. மூளையில தழும்பு ஒண்ணும் இல்லையாம். சின்ன ரத்தக்கட்டு ஒண்ணு வந்து அடைச்சு, தானே கரைஞ்சு போயிருக்கு, இதுக்கு மினி ஸ்ட்ரோக்னு பேருன்னாங்க. அப்பாடான்னு நான் மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த குண்டைப் போட்டாங்க. போனது திரும்பி வரலாம், இனி வர்ற நாளும் வாரமும்தான் ரொம்ப ஆபத்துன்னாங்க. அன்னைக்கு அவருக்கு பிரஷர் நூத்தி எழுபத்தெட்டு. மருந்து கொடுத்து உடனே இறக்குங்கன்னு நான் துடிச்சேன். இந்த நேரத்துல தடாலடியா இறக்கினா மூளைக்குப் போற ரத்தம் குறையும், நிதானமாத்தான் இறக்கணும்னு சொல்லிட்டாங்க.

அப்புறம்தான் மாத்திரை எழுதினாங்க. ரத்தம் கட்டாம இருக்க மூணு வாரத்துக்கு ரெண்டு, அதுக்கப்புறம் ஒண்ணு. கொழுப்புக்கு ஒண்ணு. பிரஷருக்கு ரெண்டு: ரத்தக்குழாயைத் தளர்த்துறது ஒண்ணு, உடம்புல இருக்கிற உப்பையும் தண்ணியையும் வெளியேத்துறது ஒண்ணு. எழுதி முடிச்சுட்டு பேனாவை வெச்சுட்டு சொன்னாங்க.

"இவருக்கு இப்போ பெரிய எதிரி பிரஷர்தான். மேல் நம்பர் நூத்தி முப்பதுக்குக் கீழே, கீழ் நம்பர் எண்பதுக்குக் கீழே. இங்க வரும்போது மட்டும் இல்ல, வீட்டிலயும் அப்படித்தான் இருக்கணும்."

நம்பர்னு சொன்னதும் அவர் முகத்துல ஒரு வெளிச்சம். ஆஸ்பத்திரியில அவருக்குப் புரிஞ்ச முதல் வார்த்தை அதுதான். போற வழியிலேயே கையில பட்டை கட்டிப் பார்க்கிற மெஷினை வாங்கிட்டார். டாக்டரம்மா சொன்னபடியே காலையில டீ குடிக்கிறதுக்கு முன்ன, மாத்திரை போடுறதுக்கு முன்ன, நாற்காலியில சாய்ஞ்சு, காலைத் தரையில ஊன்றி, அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு, கையை மேஜை மேல வெச்சு ரெண்டு தடவை பார்ப்பார். வீட்டுக்குள்ளயும் ஒரு கேஜ் வந்தாச்சுன்னு நான் கிண்டல் பண்ணுவேன். ஆனா உள்ளுக்குள்ள பயம். பாத்ரூம்ல தண்ணி சத்தம் நின்னாலே ஓடிப்போய்க் கதவைத் தட்டுவேன். அவர் கொட்டாவி விட்டாக்கூட வாய் நேரா இருக்கான்னு பார்ப்பேன்.

நடுவுல வறட்டு இருமல் பிடிச்சுக்கிச்சு. நாள் முழுக்க லொக்கு லொக்குன்னு ஓயவே இல்ல. குழாயைத் தளர்த்துற அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும்னு டாக்டரம்மா அதை நிறுத்திட்டு, அதே வேலையை வேற வழியில செய்யுற இன்னொண்ணை எழுதினாங்க. ரெண்டையும் சேர்த்துப் போடவே கூடாதுன்னும் சொன்னாங்க. இருமல் போயிடுச்சு. ஆனா, மருந்தை மாத்துறாங்கன்னா அவங்களுக்கே சரியாத் தெரியலைன்னுதானே அர்த்தம்னு இவர் முணுமுணுத்தார்.

போதாக்குறைக்கு லாண்டரியில தேய்க்கிற பிரிவு மேஸ்திரி வேற. அவரோட அண்ணன் இதயத் துடிப்பைக் குறைக்கிற ஏதோ ஒரு மாத்திரை மட்டும் போடுறாராம், ஜம்முனு இருக்காராம். அதை ஏன் கொடுக்கலைன்னு இவர் போய்க் கேட்டார். அது இதயத்துல கோளாறு இருக்கிறவங்களுக்கு, ஸ்ட்ரோக் திரும்ப வராம தடுக்கிறதுல இந்த ரெண்டு வகைக்குத்தான் நல்ல பலன்னு டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க. கேட்டுட்டு வந்து மேஸ்திரிகிட்ட இவரே டாக்டர் மாதிரி விளக்கினார். சரி, மனுஷனுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நானும் நிம்மதியானேன்.

நம்பரும் இறங்குச்சு. நூத்தி இருபத்தாறு, நூத்தி இருபத்திரண்டு. காலையில அதை எனக்குக் கேக்கிற மாதிரி சத்தமாப் படிப்பார். வேலைக்கும் திரும்பிட்டார். நானும் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷமா இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மடிச்சுக்கிட்டிருக்கேன். உருளையில ஆவி குறைஞ்சு விரிப்பு ஈரமாவே வெளிய வருது. பாய்லர் ரூம்லேருந்து அலாரம் சத்தம். தண்ணி மட்டம் இறங்கினா பாய்லர் தானே அணைஞ்சு அலாரம் அடிக்கும், எப்பவாவது நடக்கிறதுதான். அவர் ஒரு நொடியில அதை நிறுத்திடுவார். அன்னைக்கு அது நிக்கவே இல்ல. அடிச்சுக்கிட்டே இருக்கு. கையில இருந்த விரிப்பு எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.

இரும்புக் கதவைத் தள்ளினா, பேனலுக்கு முன்னால நிக்கிறார். அலாரம் பட்டன் கண்ணுக்கு நேரா இருக்கு. வலது கை தொங்குது. இடது கையால சுவரைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். வாய் அசையுது, சத்தம் வரல. அந்தப் பார்வையை நான் எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டேன். நான் கத்தினதுல மேஸ்திரி ஓடிவந்து, துணி ஏத்துற வண்டியிலயே எங்களை ஆஸ்பத்திரியில கொண்டு சேர்த்தார்.

ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல, அடைப்புத்தான். கட்டைக் கரைக்கிற ஊசி இருக்கு, சில மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், எவ்வளவு சீக்கிரம் போடுறோமோ அவ்வளவு நல்லதுன்னாங்க. போடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். போட முடியாதுன்னாங்க. பிரஷர் இருநூத்தி நாலு. நூத்தி எண்பத்தஞ்சுக்கு மேல இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடலாம். முதல்ல அதை இறக்கணும். நரம்புல மருந்தை ஏத்திக்கிட்டே டாக்டரம்மா என்கிட்ட கேட்டாங்க, பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடுறாரான்னு.

"ஒரு நாளும் விட மாட்டார் டாக்டரம்மா," அப்படின்னேன். சத்தியம் பண்ணாத குறை.

கட்டில்ல இருந்தவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லைன்னு. என்னைப் பார்க்காம டாக்டரம்மாவைப் பார்த்து ஆட்டினார். கடைசியா எப்போ போட்டீங்கன்னு கேட்டதுக்கு இடது கையில நாலு விரலைக் காட்டினார். நாலு நாளா போடல.

எனக்குக் கோபம் வரல. கோபப்பட நேரமும் இல்ல. நர்ஸம்மா பட்டையை இறுக்கி நம்பரைச் சொல்றாங்க, நூத்தி தொண்ணூத்தெட்டு. சுவர்ல கடிகாரம் ஓடுது. திரும்பவும் இறுக்குறாங்க, நூத்தி தொண்ணூத்தொண்ணு. அவர் வலது கையைப் பிடிச்சுக்கிட்டேன், ஈர விரிப்பு மாதிரி கனமா, உயிரே இல்லாம இருந்துச்சு. இறங்கு, இறங்குன்னு அந்த மெஷினைப் பார்த்துக் கெஞ்சினேன். ஒவ்வொரு நிமிஷமும் அவர் பேச்சு என்னை விட்டுப் போய்க்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. நூத்தி எண்பதுக்கு வந்தப்புறம்தான் ஊசி போட்டாங்க. அந்தக் காத்திருப்புல என்ன போச்சு, என்ன மிஞ்சுச்சுன்னு யாராலயும் எனக்குச் சொல்ல முடியல.

உயிர் தங்குச்சு. கையும் மெதுவா வந்துச்சு. பேச்சு மட்டும் ஒவ்வொரு வார்த்தையா, தேடித் தேடித்தான் வருது. கொஞ்சம் பேச ஆரம்பிச்சதும் டாக்டரம்மாகிட்ட அவரே சொன்னார். காலையில நம்பர் நூத்தி முப்பதுக்குக் கீழே இருந்தா பிரஷர் மாத்திரையை மட்டும் விட்டுடுவாராம். ஏறினாப் போடுவாராம். மத்த மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கார். அதுக்கு முந்தி நம்பர் தொடர்ந்து நல்லா இருந்துச்சாம், அதனால அந்த நாலு நாளும் மெஷினையே எடுக்கல; நல்ல நம்பர் கேட்ட சந்தோஷத்துல நானும் அதைக் கவனிக்கல. பாய்லர் படிப்பு!

"அந்த நம்பர் நல்லா இருந்ததே மாத்திரையாலதான் ஐயா," அப்படின்னாங்க டாக்டரம்மா. "நம்பர் நல்லா இருந்தாலும் போடணும். ரொம்ப இறங்கித் தலை சுத்துச்சுன்னா என்கிட்ட வாங்க, அளவை நான் குறைக்கிறேன். நீங்களா நிறுத்தாதீங்க."

ஏன்யா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலன்னு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடினார். "மாத்திரை... இல்லாம... நல்லாயிட்டேனான்னு... பார்த்தேன்," அப்படின்னார்.

இப்போ பிரஷருக்கான ரெண்டு மருந்தும் ஒரே மாத்திரையாச் சேர்ந்து வருது. ஒண்ணைப் போட்டு ஒண்ணை மறக்க வழியில்ல. உப்புச்சத்தும் சிறுநீரகமும் எப்படி இருக்குன்னு அப்பப்போ ரத்தம் எடுத்துப் பார்க்கிறாங்க. பாய்லர் ரூமுக்கு வேற ஆள் வந்தாச்சு. மருந்துக்கு முன்ன அளக்கணும்கிறதால, தினமும் காலையில முதல்ல அந்த நம்பர் வந்துடுது, அப்புறம்தான் மாத்திரை. நம்பர் ஏறி இருந்தா எனக்குக் கவலை, அவ்வளவுதான். நல்ல நம்பர் வந்தாத்தான், அவர் மாத்திரையை முழுங்குற வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

நேத்து நூத்தி பதினாலு. இவ்வளவு நல்ல நம்பர் இதுக்கு முன்ன வந்ததே இல்ல. அவர் அதையே பார்த்துக்கிட்டிருந்தார். தலை சுத்துதான்னு கேட்டேன், இல்லைன்னு ஆட்டினார். மாத்திரையை எடுக்கப் போன கை மேஜை மேல அப்படியே நின்னுடுச்சு. போடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லிப் போட வெச்சா, நான் இல்லாத அன்னைக்கு என்ன பண்ணுவார்?

"எனக்கு... பயமா... இருக்கு," அப்படின்னார்.

கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த வார்த்தையை அவர் வாயால நான் கேட்டதில்ல. எனக்கும்தாங்கன்னு சொன்னேன். மாத்திரையை எடுத்து வாயில போட்டுக்கிட்டார். தண்ணி டம்ளரை நான்தான் கொடுத்தேன். அவர் வலது கையைத் தூக்கி, என் கையோட சேர்த்து டம்ளரைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சார்.