குழாய் வேண்டாம் என்ற கட்டுரை

கோட்டைக்குப் பக்கத்தில் அச்சான ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியனாக இருந்தேன். எங்கள் ஆசிரியருக்கு ஒரு விசித்திரமான பழக்கம். அபிப்பிராயக் கட்டுரை எதுவானாலும், அந்த அபிப்பிராயம் பிடிக்காதவனிடம்தான் சரிபார்க்கக் கொடுப்பார். “நம்ம கட்சிக்காரன் கண்ணுக்குத் தப்பே தெரியாது, ஓய்” என்பார்.

அப்படித்தான் வக்கீல் மாமாவின் கட்டுரை என் மேஜைக்கு வந்தது. மாமா ஓய்வுபெற்ற வக்கீல், எங்கள் தெருக்காரர். நகரசபை அப்போதுதான் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்திருந்தது. எங்கள் பக்கத்துக்கு இப்போதைக்கு ஒரே ஒரு பொதுக்குழாய் என்று சொல்லிவிட்டது. அது எங்கள் தெருவில் வேண்டாம் என்பது மாமாவின் கட்சி. வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவன் நான். எங்கள் கிணறு பாதாளம். தாம்புக்கயிறு இழுத்து இழுத்து என் மனைவியின் உள்ளங்கை காய்த்துப்போய், தோள்வலியும் சேர்ந்துகொண்டிருந்தது. குழாய் வந்துவிடும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கட்டுரையைப் படித்ததும் எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். குழாய்த் தண்ணீர் குடித்த மறுநாள் மைத்துனருக்குக் காய்ச்சல் என்று ஆரம்பித்திருந்தார். மறுநாள் வந்ததாலேயே அதனால் வந்தது என்று ஆகிவிடுமா என்று சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் கேட்டேன். இன்று குழாய் வந்தால் நாளை குளத்து ஸ்நானம் போகும், அப்புறம் ஆசாரமே போகும் என்றார். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வரும் என்று சொல்லவில்லை. குழாய் கேட்கிறவர்கள் ஹோட்டல் காப்பிக்கு அலையும் சோம்பேறிகளாம். நானும் ஹோட்டலில் காப்பி குடிப்பவன்தான், ஆனால் என் கேள்விக்கு அது பதில் இல்லையே! எஞ்சினீயர் அறிக்கையில் மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி வந்தது என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார். அறிக்கையை வரவழைத்துப் பார்த்தால், வடிகட்டும் மணலைச் சுத்தம் செய்ததும் தெளிந்துவிட்டது என்று அடுத்த வாக்கியமே சொல்கிறது.

மாமாவை அழைத்துவந்து கேட்டேன். “அடுத்த வாக்கியத்தை ஏன் மாமா விட்டேள்?”

“அதைச் சொல்றது எதிர்க்கட்சி வக்கீலோட வேலையாக்கும். நான் எதுக்குச் சொல்லணும்?”

“பத்திரிகையிலே எதிர்க்கட்சி வக்கீல் கிடையாதே. வாசிக்கறவாளுக்கு நீங்க காட்டினதுதான் தெரியும்.”

மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் எல்லாவற்றையும் அடிக்கச் சம்மதித்தார். அடித்து முடித்தபோது, கடைசியில் ஒப்புக்கு எழுதியதுபோல் இருந்த ஒரு விஷயம் மட்டும் மிஞ்சியது. எங்களுக்குக் கீழே தாழ்வில் இருக்கும் கீழத்தெருவில் ஒரு கிணறுகூட இல்லை, அங்கே பெண்கள் பாசிக் குளத்துக்கு நடக்கிறார்கள், குழாய் முதலில் அவர்களுக்குத்தான் போகவேண்டும். நான் நேரில் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

அங்கேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைத்துனரின் காய்ச்சலையும் ஆசாரத்தையும் அப்படியே விட்டிருந்தால் ஊரே சிரித்திருக்கும், குழாய் எங்கள் வாசலுக்கு வந்திருக்கும். ஆனால் தப்பான வாதம் எனக்குச் சோற்றில் அகப்பட்ட கல் மாதிரி, எடுத்துப் போடாமல் இருக்க முடியாது. போதாக்குறைக்கு ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். “எதிர்க்கட்சிக்காரன் சொல்றதை, அவனே தலையாட்டற மாதிரி எழுதியிருக்கணும். இதிலே அவன் பேச்சையே காணோமே?” மாமாவுக்கு எழுத வரவில்லை. நானே எழுதினேன். ஆழக் கிணறு, காய்த்த கை, தோள்வலி எல்லாம் வந்துவிட்டன.

மாமா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனாவை எடுத்துக் கீழே எழுதினார்: “இந்தக் கஷ்டம் மெய்யானது. ஆனால் கீழத்தெருப் பெண்ணுக்கு இறைப்பதற்கு ஒரு கிணறுகூட இல்லை.” அடிக்க இடம் தேடினேன். இல்லை.

கட்டுரை வெளியானதும் எனக்குக் கையெழுத்துப் போட்டவர்களே மாமா வீட்டுக்குப் போய்ப் பாராட்டினார்கள். குழாய் கீழத்தெருவுக்குப் போயிற்று. “உம்ம திருத்தம் பிரமாதம், ஓய்” என்று மாமா என் முதுகில் தட்டினார். எனக்கு அழுகை வராத குறை.

வீட்டில் மனைவி பத்திரிகையை நிதானமாகப் படித்தாள். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் கோபப்படவேயில்லை.

“நியாயமாத்தான் எழுதியிருக்கு. அவாளுக்குத்தான் முதல்ல குடுக்கணும். என் கைவலியைக்கூட விடாம போட்டிருக்கேள். ஆனா ஒண்ணு விட்டுப்போச்சே.”

“என்ன விட்டுப்போச்சு? வரி வரியாப் பார்த்தேனே!”

“இந்தத் தெருவிலே ஆம்பளைகளுக்கும் ரெண்டு கை இருக்குன்னு மாமாவும் எழுதலை, நீங்களும் எழுதலை.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தாம்புக்கயிறு சுருட்டியபடி என் நாற்காலியில் கிடந்தது.