போட்டோவில் வந்த தேன்நிறக் கல்

சைமன்ராஜுக்குக் கல் என்றால் போதும், சாப்பாடு ஆறிப்போகும். நெய்வேலி சுரங்கத்தில் நிலவியலாளர் வேலை. வேலை முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் கைபேசியில் கல்தான். ‘கல் பார்ப்போம்’ என்று ஒரு வாட்ஸாப் குழு வைத்திருந்தார். அதில் கல்லூரி நண்பர்கள், பள்ளி ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். யார் வேண்டுமானாலும் படம் போடலாம். கல் காய்ந்திருக்க வேண்டும், பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

ஒருநாள் மந்தாரக்குப்பத்து லாரி ஓட்டுநர் வைத்திலிங்கம் படம் போட்டுவிட்டுப் போனிலேயே கூப்பிட்டார்.

“சார், களிமண்ணுல மின்னிகினு கெடந்துச்சு. தங்கங்களா?”

சைமன்ராஜ் படத்தைப் பெரிதாக்கினார். வெளிறிய பித்தளை நிறம், உலோகப் பளபளப்பு. நாணயத்தின் பாதி அளவுக்குச் சேவல் கொண்டை போல வரிசையாகக் கூர்முனைகள்.

“தங்கம் இல்லீங்க வைத்திலிங்கம். தங்கம் நல்ல மஞ்சளா இருக்கும், பெரும்பாலும் மழுங்கித்தான் கிடைக்கும். இந்தக் கொண்டை வடிவத்தைப் பாத்தா மார்கசைட் மாதிரி இருக்கு. இரும்பும் கந்தகமும் சேந்தது. நம்ம நிலக்கரியோட வர்றதுதான்.”

“அப்ப வூட்டுல வெச்சிக்கலாங்களா?”

“வெச்சுக்கலாம். ஆனா நாளாக ஆக வெள்ளையாப் பொடி கக்கும்.”

“அதுவும் நம்ம ராசிதாங்க!” என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

இப்படிப் படம் பார்த்தே சொல்லிவிடுவதில் சைமன்ராஜுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனைவி ஜெனிஷா பள்ளியில் வேதியியல் ஆசிரியை. “ஊர்க் கல்லெல்லாம் தெரியுது. நம்ம வூட்டு அஞ்சறைப் பெட்டில எது சீரகம், எது சோம்புன்னு தெரியல” என்பாள். அவர் அதைக் காதில் வாங்கியதில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை எழில்மதி என்ற புதிய உறுப்பினர் ஒரு படம் போட்டார். தேன் நிறம். கண்ணாடிப் பளபளப்பு. சரிந்த முகங்களோடு நான்கைந்து குட்டையான படிகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நாணயத்தின் பாதி இருக்கும்.

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டே சைமன்ராஜ் தட்டிவிட்டார்: “கால்சைட், சுண்ணாம்புப் படிகம். அருமையான மாதிரி! எங்கே கிடைத்தது?”

“சேத்தியாத்தோப்பு பக்கம்” என்றது பதில். பிறகு, “கடித்துப் பார்க்கலாமா?”

“கல்லை வாயில் வைக்கக் கூடாது. ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கால்சைட் என்றால் மெல்லக் குமிழி வரும்.”

“குமிழி வரவில்லை. ஆனால் நன்றாக இருந்தது.”

நன்றாக இருந்ததா? மதிய இடைவேளையில் அவர் படத்தை மறுபடி திறந்தார். ஒரு படிகத்தின் முனை உடைந்திருந்தது. கால்சைட் உடைந்தால் தட்டையாக, படிப்படியாகத்தான் விட்டுப்போகும். இந்த உடைவு பாட்டில் கண்ணாடி போல வளைந்திருந்தது. காலையில் நிறமும் சரிவும் கண்ணை மறைத்துவிட்டன. இன்னும் பெரிதாக்கினார். நாணயத்தின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. அதற்கு ஆறு கால்கள்.

எறும்பு.

எறும்புக்குக் கால்சைட்டில் என்ன வேலை? எறும்பு நின்ற மேடையைப் பார்த்தார். கறுப்புக் கடப்பாக்கல், அதில் மீன் முள் போல ஒரு வெள்ளைக் கோடு. அவர் வீட்டுச் சமையலறையில் தினமும் காபி டம்ளர் வைக்கிற இடம்!

உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஜெனி, எழில்மதி யாரு?”

“எங்க ஸ்கூல் தமிழ் டீச்சருங்க. ஏன்?” குரலில் சிரிப்பு பொங்கிக்கொண்டிருந்தது.

“படத்துல இருக்கிறது பனங்கற்கண்டுதானே?”

“கண்டுபிடிச்சிட்டீங்களா! நான்தான் படம் எடுத்து அவங்களப் போடச் சொன்னேன். காலையிலேயே ஊருக்கெல்லாம் கால்சைட்டுன்னு சொல்லிட்டீங்களே!”

“சர்க்கரையும் படிகம்தான். சரிஞ்ச முகம் அதுக்கும் வரும்” என்றார் விட்டுக்கொடுக்காமல். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சிரிப்பது கேட்டது. காது சூடானது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. எறும்பை வட்டமிட்டுக் குழுவில் போட்டு எழுதினார்: “தவறு என்னுடையது. இது பனங்கற்கண்டு. உடைந்த முனையைப் பார்க்காமல் பெயர் வைத்துவிட்டேன். நம்மில் சரியாகச் சொன்னது இவர் ஒருவர்தான்.” அன்று மாலைவரை குழுவில் எறும்புப் படங்களாகவே வந்தன.

ஒரு வாரம் கழித்துக் காடாம்புலியூர் முந்திரித் தோப்பிலிருந்து ஒரு படம் வந்தது. பழுப்பு நிறம், மெழுகு போன்ற மினுமினுப்பு, நாணயத்தைவிட நாலு மடங்கு நீளம், மெல்லிய வரிகள். சைமன்ராஜ் பெயர் சொல்லவில்லை. “குறுக்காக உடைந்த பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்” என்று எழுதிவிட்டு, கைபேசியை ஜெனிஷா பக்கம் நீட்டினார்.

“நீ என்ன நினைக்கிற?”

அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். “மரம் மாதிரி இருக்கு. ஆனா மரம் இப்படி மினுங்காதே.”

“அதேதான் எனக்கும் தோணுது” என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் அடுத்த படத்துக்காகக் காத்திருந்தார்கள். தோசை ஆறியது.