கழுகு மல்லியும் காலியாகாத தோங்கும்

மல்லியில் கழுகு உண்டு, கிளி உண்டு, ஸ்கூட்டர்கூட உண்டு. இதைத் தெரிந்துகொண்ட நாளில் மலேசியாவின் கோலா பிலாவில் என்னைவிட மகிழ்ச்சியான ஆள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எல்லாம் கொத்தமல்லி விதைத் தரங்களின் பெயர்கள். பச்சை மாறாமல் வருவது கிளி, அதற்கு அடுத்தது ஸ்கூட்டர், பழுப்பேறியது கழுகு. எங்கள் மூட்டையில் தொங்கிய துண்டுச் சீட்டில் கழுகு என்றுதான் இருந்தது. ஓடிப்போய்ச் சின்னம்மாவிடம் சொன்னேன்.

"மல்லி என்னாத்துக்குடி ஸ்கூட்டர்ல போவுது? நடந்து வந்தா வேகாதா?" என்றார் சின்னம்மா, பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

சின்னம்மாவின் கடை எஸ்டேட் வாசலில், செம்பனை லாரிகள் திரும்பும் முக்கில் இருக்கிறது. மூட்டையில் வரும் மல்லி, சீரகம், மிளகாய், பருப்பு வகைகளைப் பிரித்து, சுத்தம் பார்த்து, பொட்டலம் போட்டு விற்கிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. இருந்தவர்கள் சிரம்பானுக்குப் போய்விட்டார்கள், மாதத்துக்கு ஒரு தரம் காரில் வந்து மொத்தமாக வாங்கிப் போவார்கள். அது போதவில்லை. சிரம்பானில் ஒரு பேரங்காடி எங்கள் பொட்டலங்களைத் தன் அலமாரியிலும் இணையப் பக்கத்திலும் வைத்துப் பார்க்கச் சம்மதித்தது. அது கிடைத்தால் கடை நிற்கும், கிடைக்காவிட்டால் இந்த வருடத்தோடு கதவை மூடிவிடுவதாகச் சின்னம்மாவே சொல்லியிருந்தார். டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான், விவரம் எழுதும் வேலையை யாரும் கேட்காமலே பிடுங்கிக்கொண்டேன்.

அவர்கள் கேட்டது நான்கு விவரம், ஒவ்வொரு பொருளுக்கும்: தரம், பதப்படுத்திய விதம், அறுவடைக் காலம், நிகர எடை. எனக்கு இது பரீட்சை மாதிரி அல்ல, பண்டிகை மாதிரி. மல்லிக்கு எழுதினேன்: கழுகுத் தரம், முழு மணி, வெயிலில் உலர்த்தி இயந்திரத்தில் சலித்தது, வறுக்காதது. துவரம்பருப்புக்கு: தோல் நீக்கி உடைத்தது, எண்ணெய் தடவாதது. மிளகாய்க்கு: காம்பு நீக்கியது, வெயிலில் காய்ந்தது. வெறும் உறையைத் தராசில் வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிறகே மல்லியைக் கொட்டச் சொல்லிக் கொடுத்தேன். உறையின் கனம் எடையில் சேரக்கூடாது அல்லவா. சின்னம்மா சரியாக இருநூற்றைம்பது கிராம் நிறுத்தி, அதன்மேல் ஒரு சிட்டிகை போட்டார்.

"சின்னம்மா! கூடிப்போச்சு."

"கொசுறுடி. கொறைஞ்சாத்தானே போலீஸ் வரும், கூடினாவா வருவான்?"

அது சரிதான். விட்டுவிட்டேன். அறுவடைக் காலத்துக்குக் கிள்ளான் மொத்தக் கடைக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். இந்த ஆண்டு மகசூல், பிப்ரவரி மார்ச்சில் அறுத்தது என்று மறுநாளே பதில் வந்தது. உடனே ஒரு பெரிய சுருள் லேபிள் அச்சடித்துவிட்டேன். அவசரக்காரி நான்.

லேபிள் வந்த மத்தியானம்தான் அதைப் பார்த்தேன். தோங் என்று நாங்கள் சொல்லும் நீல பிளாஸ்டிக் பீப்பாயில் சின்னம்மா புது மூட்டையைக் கொட்டிக்கொண்டிருந்தார். தோங்கின் அடியில் ஏற்கெனவே ஒரு விரற்கடை மல்லி கிடந்தது.

"அது பழசு இல்லையா சின்னம்மா? எடுக்கலையா?"

"ஐயோ, தோங்க காலி பண்ணக்கூடாதுலா. அடியில கொஞ்சம் நிக்கணும். அதுமேலதான் புதுசு."

"எவ்வளவு காலமா?"

"கடை தொறந்த நாள்லேருந்து."

அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அடியில் போன ஆண்டின் மல்லி, அதற்கடியில் அதற்கு முந்தைய ஆண்டினுடையது, அதற்கும் கீழே கடையைத் திறந்த ஆண்டின் ஒரே ஒரு மணியாவது இருக்கலாம். மல்லி, சீரகம், உளுந்து எல்லாவற்றுக்கும் இதே கதை. என் லேபிளோ பிப்ரவரி மார்ச் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவ காலி பண்ணிடலாமே, கழுவிக் காய வச்சு?"

சின்னம்மா கையை நிறுத்தினார். "ஒரு தடவ ஒன் சித்தப்பா காலி பண்ணாரு, எறும்பு ஏறிச்சுன்னு. அந்த மாசமே கிழக்கு லயத்த இடிச்சாங்க. எறும்புக்கும் லயத்துக்கும் சம்பந்தமில்லன்னு நீ சொல்லுவ. சொல்லிக்க."

எப்படிச் சொல்வது? அந்த லயத்தில்தான் அவர் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

இரண்டு நாள் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். தோங்கிலிருந்த மல்லியை எல்லாம் அள்ளிப் பழையது என்று தனியாக விற்பது. அதில் நாலைந்து பிடியை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைத் தோங்குக்குள் வைத்துவிடுவது. தோங் காலியாகவும் இல்லை, புது மல்லி கலப்பாகவும் இல்லை. சீரகம், உளுந்து தோங்குகளுக்கும் இதே ஏற்பாடு. எனக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. புதிதாக ஒரு மூட்டை வந்தது. அதைச் சின்னம்மா கொட்டும்போது நான் கார்ட்டன் பெட்டி வாங்கப் போயிருந்தேன்.

பேரங்காடியிலிருந்து கொள்முதல் பார்க்கும் பெண் வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர், பேச்சு சிரம்பான் தமிழ். லேபிளைப் படித்து, "நல்லா எழுதியிருக்கீங்க. பெரிய கம்பெனிக்காரங்ககூட எண்ணெய் தடவாததுன்னு எழுத மாட்டாங்க" என்றார். எனக்குக் காது சூடானது. பிறகு தோங்கைத் திறந்தார். புது மல்லியின் நடுவில் கிண்ணம் மினுங்கியது.

"இது என்ன ஆன்ட்டி?"

"அது பழைய மல்லி மிஸ். தோங் காலியாவக் கூடாதுல்ல, அதுக்கு." சின்னம்மா பெருமையாகச் சொன்னார், கேட்காததையும் சேர்த்து. "முன்ன அடியிலயே விட்டுருவேன். இவ சண்ட போட்டா. இப்ப கிண்ணம். புதுசு கொட்டுறப்ப கிண்ணத்துலேருந்து ஒரு கை எடுத்து மேல தூவுறதோட சரி."

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. என் ஏற்பாட்டை அவர் மீறவில்லை, முழுமையாக்கியிருந்தார், அவ்வளவுதான்.

அந்தப் பெண் தோங்கை மெல்ல மூடினார். "எங்க அம்மாவும் அரிசி டின்ன அடி தொடைக்க விட மாட்டாங்க ஆன்ட்டி. எனக்குப் புரியுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு பொருளுக்கு ஒரு அறுவடைக் காலம்தான் போட முடியும். கலந்ததுன்னு போட எடமே இல்ல. தெரிஞ்சுக்கிட்டு நான் பிப்ரவரின்னு போட முடியாது."

"ஒரு கைதானே..." என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒரு கைதான்" என்று ஒத்துக்கொண்டார் அவர். "சீரகமும் இப்படித்தானா ஆன்ட்டி?"

"எல்லாம் இப்படித்தான்லா."

இந்தச் சுற்றுக்கு முடியாது என்றார். அடுத்த சுற்று எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. யார்மேலும் எனக்குக் கோபப்பட முடியவில்லை, அதுதான் தாங்கவில்லை. அவர் சொன்னது உண்மை, சின்னம்மா சொன்னதும் உண்மை. லேபிள் ஒன்றுதான் பொய், அதை எழுதியவள் நான். போகும்போது அந்தப் பெண் தன் வீட்டுக்கென்று ஒரு பொட்டலம் மல்லி வாங்கிக்கொண்டார்.

கார் முக்கைத் திரும்பியதும் சின்னம்மா கேட்டார், "தூவினத மட்டும் பொறுக்கி எடுத்துட்டா?"

தோங்குக்குள் பார்த்தேன். பழுப்பில் பழுப்பு. எது எந்த ஆண்டு என்று எந்தக் கழுகுக் கண்ணுக்கும் தெரியாது.

"முடியாது சின்னம்மா."

அப்போது எஸ்டேட்டிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலேயே கேட்டார். "அக்கா, மல்லி புதுசா?"

சின்னம்மா என்னைப் பார்த்தார். லேபிள் சுருள் என் மடியில் இருந்தது. அதை மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். பிறகு சின்னம்மாவே ஒரு வெற்று உறையை எடுத்துத் தராசில் வைத்தார். முள் சுழியத்துக்கு வரும்வரை காத்திருந்து, மல்லியை அள்ளினார்.