திட்ட அறிக்கையில் இல்லாத ஏணி

அந்தத் தெருவில் காயில்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். எரிந்துபோன மின்விசிறியின் செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றித் தருகிறவர். முன்பு பெயிண்டர். ஆறு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். "நான் யார் கையையும் எதிர்பார்க்கிறதில்ல" என்று நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

கையால் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. இனியும் சுற்றினால் நாற்காலியைத் தள்ளக்கூடத் தோள் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோட்டாரில் ஓடும் சுற்று இயந்திரம் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான சுயதொழில் கடனுக்கு அதனால்தான் மனுப் போட்டார். பத்து நாள் பயிற்சிக்கும் ஒழுங்காகப் போனார். இயந்திரத்துக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கினார். ஊனச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், வருமானத்துக்கு அத்தாட்சியாகப் பழைய ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் திட்ட அறிக்கையோடு சேர்த்துக் கட்டினார். 'வேலையாட்கள்' என்ற கட்டத்தில், 'இல்லை, உரிமையாளரே செய்வார்' என்று அழுத்தி எழுதினார்.

நேர்காணலில் இருந்த அதிகாரியம்மா அந்தக் கட்டத்தில்தான் விரலை வைத்தார்.

"கூரையில தொங்குற விசிறிய யார் கழட்டுறா?"

"கஸ்டமரே கழட்டிக் கொண்டுவந்துடுவாங்க மேடம்."

அவர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். "இதுல பாதிக்கு மேல 'கழற்றி மாட்டிய கூலி'ன்னு போட்டிருக்கு. நீங்களா ஏறினீங்க?"

காயில்காரர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏணியில் ஏறிய மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவருடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு.

"கூலி போட்டா லாபம் குறைஞ்சு தெரியும்னு எல்லாரும் மறைக்கிறீங்க. குறைஞ்ச லாபத்துல தவணை கட்ட முடியுமான்னுதான் பேங்க்ல பார்ப்பாங்க. ஆளே இல்லாம நடக்கிற வேலைய நம்பி நான் பரிந்துரை எழுத முடியாது. யார் ஏறுறா, என்ன கூலி, அவங்க வராத நாள்ல என்ன செய்வீங்க, எல்லாம் எழுதிட்டு அடுத்த வாரம் வாங்க."

லாபம் குறையுமென்று அவர் மறைக்கவில்லை. அந்த ஏணி அவர் நினைப்பிலேயே இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு மனைவியிடம் கேட்டார். "உனக்கு என்ன கூலி போடட்டும்?"

"எனக்குப் போடாதீங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஆஸ்பத்திரி லாண்டரிக்கு வேலைக்குப் போறேன். பேசி முடிச்சாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க வாசல்ல யார்கிட்டயோ, யார் கையையும் எதிர்பார்க்கிறதில்லன்னு சொல்லிட்டிருந்தீங்க. சரி, என் கை தேவைப்படல போலிருக்குன்னு திரும்பிட்டேன்."

இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது, ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மறுபடி கேட்டார். கூலிக்கு வேறு ஆள் வைப்பதென்றாலும் அந்த வேலையின் விவரம் தெரிய வேண்டுமே. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் துணி மடித்தபடி சொன்னாள். "ஒரு வீட்டுக்குப் போய்வர ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு மூணு வீட்டுக்கு மேல முடியாது, கழுத்து விட்டுப்போகும். வர்ற ஆளுக்குப் புது ஏணி வாங்கிக் குடுங்க. இதுல மூணாவது படி ஆடும்."

"ஆடுமா?"

"போன வருஷம் அதுல இருந்துதான் விழுந்தேன். இந்த முழங்கை முழுசா மடங்காது."

"பாத்ரூம்ல வழுக்கினேன்னு சொன்ன."

"உங்ககிட்ட போய், மேலேர்ந்து விழுந்தேன்னு எப்படிங்க சொல்றது?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம் தனியாகத்தான் போனார். புது அறிக்கையில் உதவியாள் ஒருவருக்கு மாதக் கூலி இருந்தது. விசிறிகளின் எண்ணிக்கை நாளைக்கு ஏழிலிருந்து மூன்றாக இறங்கியிருந்தது. ஆள் வராத நாளில் கடைக்கு வரும் விசிறிகளை மட்டும் பார்ப்பது என்றும் எழுதியிருந்தார். லாபம் நூலிழையில் நின்றது. ஆனாலும் முதல் ஆறு மாதம் அசல் கட்ட வேண்டாம் என்பதால் தவணை தாங்கும்.

அதிகாரியம்மா கணக்கை இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பரிந்துரையில் கையெழுத்துப் போடப் போனவர், வாங்க வேண்டிய பொருட்களின் கடைசி வரியில் நின்றார்.

"ஏணி எதுக்கு? ஏற்கெனவே ஒண்ணு இருக்குமே."

"இருக்கு மேடம். மூணாவது படி ஆடும்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா ஆடுதாம் மேடம்" என்றார் காயில்காரர். "எனக்குப் போன வாரம்தான் தெரியும்."