தாடைக்கு இறங்கிய மாஸ்க்

குச்சனூர் பூமாரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் வண்டவாளமும் சேர்ந்தே வருகிறது. வரட்டும்.

தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார் பூமாரி. ஓடுகிற மெஷினில் இழை அறுந்தால், நாம் கண்டுபிடிப்பதற்குள் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். நான் எப்சிபா, நர்சிங் கடைசி வருடம். சமூகப் பயிற்சிக்காக நாலு வாரம் அந்த மில்லுக்குப் போனேன். முதல் வாரம் வேலையிடத்து ஆபத்துகளைக் கணக்கெடுப்பது, இரண்டாம் வாரம் தொழிலாளர்களுக்கு வகுப்பு. திட்டம் என்னவோ அழகாகத்தான் இருந்தது.

சத்தம் தொண்ணூற்றிரண்டு டெசிபல். காற்றில் பஞ்சுத் தூசி. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். வரும் வழியில் பூமாரி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியிருந்ததைப் படம் எடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை.

வகுப்பில் அதே படத்தைத் திரையில் போட்டேன். "இந்த அக்கா மாதிரி இருந்தா நுரையீரல் கெட்டுப் போகும்" என்றேன். நாற்பது பேரும் சிரித்தார்கள். பூமாரி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் சூப்பர்வைசர் சுருளிராஜன் அவரை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இன்னொரு தடவை என்றால் வேலையே போய்விடுமாம்.

பக்கத்து மெஷின் இருதயம்மாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, இந்தச் சத்தத்துல காது எதுக்கு? வாயசையிறதப் பாத்துத்தேன் பேசிக்கிருவோம். நாங்க மேல போட்டுருக்க கோட்டு இருக்குல்ல, என் கோட்டு நாடா மெஷினுக்குள்ள போகப் பாத்துச்சு. அதச் சொல்லத்தேன் அவ மாஸ்க்க எறக்குனா."

படத்தைத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் அந்த நாடா தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் மாஸ்க்கை மட்டுமே பார்த்திருக்கிறேன். கூசிப்போனேன்.

சுருளிராஜனிடம் போனேன். "நீதானம்மா படம் காட்டுன?" என்றார். ஆமாம், பூமாரி எச்சரிக்கத்தான் மாஸ்க்கை இறக்கினார், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். தண்டனையை ரத்து செய்தார். திட்டத்தையும் திருத்தினேன்: காற்றடித்துத் தூசி தட்டுவதை விட்டு உறிஞ்சி எடுப்பது, எல்லோருக்கும் காது பரிசோதனை, மாஸ்க்கை இறக்காமலே எச்சரிக்கக் கைச்சாடை.

திரும்பி வந்த பூமாரியிடம் மெஷின் சத்தம் இல்லாத மருத்துவ அறையில் மன்னிப்புக் கேட்டேன். என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா சொல்ற? மாஸ்க்க எறக்கிட்டுச் சொல்லு. வகுப்புலயும் இப்படித்தேன் மூடிக்கிட்டு நின்ன. எனக்கு ஒரு வார்த்தையும் வெளங்கல. எதுக்குச் சிரிக்கிறாகன்னும் தெரியல."

மாஸ்க்கை இறக்கினேன். அவர் கண் என் வாயில் இருந்தது. அத்தனையையும் முதலிலிருந்து, மெதுவாக, மறுபடி சொன்னேன்.