கோட்டை விட்டது யார்?

அட்டைப்பெட்டி அச்சகத்தில் அவனுக்குப் பெயர் சாட்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வாடிக்கையாளருக்கு 'வணக்கம்' என்று ஒரு வரி மெயில் அனுப்பினாலும், இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் அவர்கள் மேனேஜர் என்று நாலு பேருக்கு நகல் போட்டுவிடுவான். கேலி செய்தவர்களுக்கு அவன் பட்ட பாடு தெரியாது. முந்தைய வேலையில் மேலதிகாரி வாயால் சொன்னதை நம்பி ஒரு லோடு பெட்டியை அச்சுக்கு விட்டான். தப்பாகிப் போனதும் அந்த மனிதர், "நான் எப்போ சொன்னேன்?" என்று கையை விரித்துவிட்டார். வேலை போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அன்றிலிருந்து ஃபோன் அடித்தாலே எடுக்காமல், மெயிலில் எழுதுங்கள் என்பான்.

இந்த வம்பு ஒரே வரியில்தான் ஆரம்பித்தது. சோப்புக் கம்பெனியில் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுக்கும் மேடம், இவன் முகம்கூடப் பார்த்திராதவர், புது ஆர்டரோடு எழுதியிருந்தார்: "போன முறை கோட்டை விட்டுவிட்டீர்கள். இந்த முறையும் அப்படித்தானே?"

படித்ததும் பழைய மெயில்களைப் புரட்டினான். எங்கே கோட்டை விட்டோம்? யாருமே சொல்லவில்லையே? போன முறை அனுப்பிய மாதிரிப் படம், அதற்கு அந்த மேடமே கொடுத்த ஒப்புதல் எல்லாவற்றையும் இணைத்து, எங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளினான். வழக்கம்போல நாலு பேருக்கு நகல். கேட்டதற்குப் பதில் இல்லையே, இத்தனை விளக்கம் எதற்கு என்று அங்கிருந்து வந்தது. இவன் இன்னும் நீளமாக எழுதினான். என் ஒப்புதலை எல்லோருக்கும் காட்டுவது ஏன் என்று அந்த மேடம் கேட்டார். கடைசியில் அவர்கள் மேனேஜரே புகுந்து, இப்படியானால் வேறு அச்சகம் பார்க்க வேண்டிவரும் என்று எழுதிவிட்டார்.

முதலாளி கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் இதை முடிக்காவிட்டால் அந்தக் கம்பெனி வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். சாட்சியின் கையில் இருந்ததே அந்த ஒரு கம்பெனிதான். அது போனால் அவனுக்கு அங்கே என்ன வேலை? நாற்காலிக்குத் திரும்பினான். பயத்தில் இன்னொரு மெயிலைத் தட்ட ஆரம்பித்தான்.

பக்கத்து சீட்டில் பெட்டிகளை வடிவமைக்கும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சொறியச் சொறிய புண்ணுதான் பெருசாகும். பத்து நிமிஷம் ஃபோன்ல பேசலாமான்னு கேளு."

"பேசினதுக்கு சாட்சி ஏதுக்கா? நாளைக்கு இல்லைன்னு சொல்லிட்டா?"

"பேசி முடிச்சதும் நாலு வரி எழுதி அனுப்பு. இப்ப உனக்குக் குழி தோண்டறதே நீ எழுதினதுதான்."

அடித்ததையெல்லாம் அழித்தான். "நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று தோன்றுகிறது. பத்து நிமிடம் ஃபோனில் பேசலாமா? உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்கள்" என்று அந்த மேடத்துக்கு மட்டும் அனுப்பினான். இப்போதே கூப்பிடுங்கள் என்று பதில் வந்தபோது, அது வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

அந்தப் பக்கம் எடுத்ததும் வணக்கம்கூட இல்லை. "இந்த கால் ரெக்கார்ட் ஆகுதா சார்?" என்றது ஒரு குரல். நடுங்கியது.

இல்லை என்றான். "நாங்க எதுல கோட்டை விட்டோம் மேடம்?" என்று கேட்டான்.

"கோட்டை விட்டீங்களா? ஐயோ, கோடு சார். கோடு. பேரைச் சுத்தி மெலிசா ஒரு கோடு இருந்துச்சே, போன தடவை அதை விட்டுட்டீங்க. பாக்க நல்லா இருந்துச்சு. இந்த தடவையும் அப்படியேதானேன்னு கேட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அந்தக் குரல் இன்னும் முடிக்கவில்லை.

"ஒவ்வொரு மெயிலையும் எங்க மேனேஜருக்கு ஏன் சார் போட்டீங்க? நான் ஏதோ தப்பா ஒப்புதல் குடுத்துட்டு மறைக்கறேன்னு நினைக்கறார். வேலை போயிடும்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

தன் பயத்துக்குப் போட்ட வேலி இன்னொருத்தர் கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டான். பேசியதை எழுதி அனுப்பட்டுமா, யாருக்கெல்லாம் நகல் போட வேண்டும் என்றான்.

"எனக்கு மட்டும் போடுங்க. மேல நான் சொல்லிக்கறேன்."

"போன முறை போலவே, பெயரைச் சுற்றிக் கோடு வேண்டாம். குழப்பம் நான் படித்த விதத்தில்தான்" என்று எழுதினான். நகல் இடத்தில் ஒரு பெயரும் இல்லை. 'நான் எப்போ சொன்னேன்' என்ற அந்தப் பழைய குரல் காதில் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. முதலாளி அறைக் கதவு திறந்தபோது, அவன் திரையில் பதில் வந்து விழுந்தது. அந்த மேடமே இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் நகல் போட்டிருந்தார். ஒரே வரி.

"இதைத்தான் நான் சொன்னேன்."