மூன்றாவது விலை

அந்தச் சலவை நிறுவனத்தில் அவளை எல்லோரும் 'விலையக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பில் போட வந்தவள் கம்ப்யூட்டரில் கணக்குப் பட்டியல் போடத் தானாகவே பழகிக்கொண்டாள். நாளடைவில், எந்த வாடிக்கையாளரிடம் கிலோவுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுப்பதே அவள் வேலையாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, லாட்ஜ் போர்வை, முடிதிருத்தும் கடைத் துண்டு என்று ஊரின் அழுக்கெல்லாம் பின்வாசலில் வந்து இறங்கும். அவளோ மாடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதற்கு விலை போடுவாள்.

அவளிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. விலை ஏற்றச் சொல்லும்போது ஒரு விலையோடு போகக் கூடாது, மூன்று விலையோடு போக வேண்டும். ஒன்று சப்பென்று இருக்க வேண்டும், ஒன்று கேட்டதும் தூக்கிவாரிப் போட வேண்டும், தனக்கு வேண்டியதை நடுவில் வைக்க வேண்டும். முதலாளி பெரியவர் எதிலும் நடுவைத்தான் பிடிப்பார். சட்டைத் துணி எடுக்கப் போனாலும் மூன்று எடுத்துப் போடச் சொல்லி நடுவில் இருப்பதை வாங்கி வருகிற மனிதர் அவர். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோது கணவரிடமும் அவள் இதே வித்தையைத்தான் காட்டினாள். "உன் மூணு விலைக்கு நான் எப்பவோ பழகிட்டேன், நடுவுல இருக்கறதையே வாங்கித் தொலை" என்று அவர் சிரித்தார்.

அந்த வருடம் ஆபத்து வந்தது சின்ன வாடிக்கையாளர் வண்டிக்கு. பெரிய ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் ஒப்பந்தத்தில் இருந்தன, அவற்றைத் தொட முடியாது. முடிதிருத்தும் கடைகள், சின்ன கிளினிக்குகள், சந்துக்குள் இருக்கும் லாட்ஜுகள் என்று நூற்றிருபது பேருக்கு மட்டும் தனியாக ஒரு வண்டி ஓடியது. ஆளுக்குச் சராசரியாக மாதம் இருநூறு கிலோ, கிலோவுக்கு ஐம்பது ரூபாய். சோப்பு, நீராவி, கூலி எல்லாம் போகக் கிலோவுக்குப் பத்துதான் நின்றது. வண்டிச் செலவோ மாதம் மூன்று லட்சம். ஆக மாதா மாதம் அறுபதாயிரம் கையைக் கடித்தது. "வண்டிய நிறுத்திடலாமா?" என்ற பேச்சு மாடிவரை வந்துவிட்டது.

வண்டியை ஓட்டியவரை அவள் 'அண்ணே' என்பாள், அவர் அவளைத் 'தங்கச்சி' என்பார். உடன்பிறந்தவர் இல்லை. வேலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே இடம் பண்ணி அவளை வீட்டில் கொண்டுவிட்டவர், அவ்வளவுதான். வண்டி நின்றால் அவர் வேலை போய்விடும். ஐம்பதைத் தாண்டியவருக்கு வேறு யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போவதில்லை. அதனால் இந்த விலை ஏற்றத்தை அவள் தன் வீட்டுக் காரியமாகவே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் வண்டியிலேயே ஏறிச் சுற்றினாள். கடை கடையாக இறங்கி, "கிலோவுக்கு அஞ்சு ஏறினா இருப்பீங்களா?" என்று கேட்டாள். சிலர் முணுமுணுத்தார்கள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒரு அக்கா, "அஞ்சுன்னா திட்டிக்கிட்டே குடுப்பேன்" என்றாள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பத்துப் பேர் விலகுவார்கள் என்று தெரிந்தது. மீதி நூற்றுப் பத்துப் பேர், ஐம்பத்தைந்து விலை, கிலோவுக்குப் பதினைந்து நிற்கும். செலவு போக மாதம் முப்பதாயிரம் லாபம். வண்டி பிழைத்துக்கொள்ளும்.

அதை நடுவில் வைத்தாள். பட்டியலின் முதல் பத்தியில் ஐம்பத்திரண்டு போட்டாள். இரண்டே பேர் விலகுவார்கள், வரவு கூடும், ஆனாலும் நஷ்டம் தீராது. மூன்றாவது பத்தியில், பயமுறுத்துவதற்காக, அறுபது. அறுபது என்றால் எத்தனை பேர் போவார்கள் என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை. எப்படியும் யாரும் அதை எடுக்கப் போவதில்லையே. ஐந்துக்குப் பத்துப் பேர் என்றால் பத்துக்குப் பதினைந்து இருக்கட்டும் என்று ஒரு எண்ணைத் தட்டிவிட்டாள். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? கேட்ட எண்ணுக்கும் தட்டிவிட்ட எண்ணுக்கும் ஒரே மாதிரி கட்டம் போட்டுக் கொடுத்தது. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் லாபம் என்று காட்டியது.

கூட்டத்தன்று பெரியவர் நாற்காலியில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷனாம். மூன்று பத்திகளையும் பார்த்தார். விரல் நடுவில் நிற்காமல் நேராக மூன்றாவதுக்குப் போனது.

"இது ஏன் வேண்டாம்?"

"கொஞ்சம் ரிஸ்க் சார்."

"பதினஞ்சு பேர்தானே போறாங்க? நீங்களே எழுதியிருக்கீங்க."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். 'சார், அது நான் சும்மா போட்டது, யாரையும் விசாரிக்கல.' சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் மூன்றாவது பொய் என்றால் இரண்டாவதை யார் நம்புவார்கள்? இத்தனை வருடம் தான் நீட்டிய காகிதங்களை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்ப்பார்களே? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயை மூடிக் கெட்டாள்.

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாமே சார்" என்று மட்டும் சொன்னாள். அது அவள் காதுக்கே பிச்சை கேட்பது போலிருந்தது.

"பயப்படாதீங்க மேடம், உங்க கணக்கு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் மகன்.

அறுபது என்று கடிதம் போனது. அன்று சாயங்காலம்தான், செய்திருக்க வேண்டிய கணக்கை அவள் செய்து பார்த்தாள். அறுபது விலையில் எழுபத்தைந்து பேராவது நின்றால்தான் வண்டிச் செலவு தேறும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் நஷ்டம்தான். இரண்டு மாதத்தில் அறுபத்தாறு பேர் மிஞ்சினார்கள்.

அந்த முடிதிருத்தும் அக்கா கடைக்கு ஓடினாள். அங்கே மூலையில் புதுச் சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அஞ்சுன்னா திட்டிக்கிட்டே குடுத்திருப்பேன்மா. பத்துன்னதும்தான் உக்காந்து கணக்குப் பார்த்தேன். தவணையில இது கிடைச்சுது" என்றாள் அக்கா.

"விலைய இறக்கச் சொல்றேன்க்கா. ஐம்பத்தஞ்சு."

"மிஷின வாங்கிட்டேனேம்மா. இனிமே ஓசியில துவைச்சாலும் எனக்கு வேண்டாம்."

விலையை இறக்கினார்கள். போனவர்களில் நாலைந்து பேர் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. மாதக் கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

சாவியை ஒப்படைக்க அண்ணன் மாடிக்கு வந்தார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "நீ எனக்காக எவ்வளவு பாடுபட்டேன்னு தெரியும் தங்கச்சி. வீட்லயும் சொன்னேன். அவ நீ நல்லா இருக்கணும்னு சொன்னா" என்றார்.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நடு விலை, பயமுறுத்த வைத்த விலை, தட்டிவிட்ட பதினைந்து, வாய் திறக்காத அந்த நிமிடம், ஒன்று விடாமல். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உனக்கு என்ன ஆகியிருக்கும்?"

வேலை போயிருக்குமா என்று அவள் யோசித்தாள். போயிருக்காது. சம்பளத்தில் பிடித்திருப்பார்களா? அதுவும் இல்லை.

"கொஞ்ச நாளைக்கு அசிங்கமா இருந்திருக்கும்ண்ணே."

"அவ்வளவுதானா?" என்றார் அவர். பதிலுக்குக் காத்திராமல் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.